அடக்கவிலைக்குள் அடங்குவது எது?

தமிழ் வணிக வழக்கில் 'அடக்கவிலை' என்றொரு சொல் உண்டு. சூரத்திலிருந்து துணி எடுத்துவரும் கடைக்காரர், மில்லில் கொடுத்த விலையை அடக்கவிலை என்று சொல்லமாட்டார். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, இடைத்தரகருக்குக் கொடுத்த கமிஷன் எல்லாவற்றையும் கூட்டி, சரக்கு தன் கடைக்குள் வந்து சேர்வதற்கு ஆன மொத்தத்தைத்தான் 'அடக்கம்' என்பார். கொடுத்த விலை வேறு, அடக்கம் வேறு என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அதே கடைக்காரர் வீடு வாங்கியதைப் பற்றிப் பேசும்போது, "அறுபது லட்சத்துக்கு வாங்கினேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் தரகும் அவர் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. பேச்சில் நழுவினால் இழப்பில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை விற்று, மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும் நாளில் நழுவினால் இழப்பு லட்சத்தைத் தாண்டக்கூடும்.

பெங்களூருவில் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெண்மணி ஒருவரின் கணக்கு இதற்குப் பொருத்தமான சான்று. 2014 அக்டோபரில் அவர் அங்கே ஓர் அடுக்ககத்தில், முதல் உரிமையாளரிடமிருந்து, 60 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினார். 2025 ஜூலையில் அதை 1 கோடியே 30 லட்சத்துக்கு விற்றார். கணவரின் சிறுநீரக நோய் முற்றி, வாரம் மூன்றுமுறை டயாலிசிஸ் என்றான பிறகு, கோயம்புத்தூரில் தங்கையின் வீட்டருகே வாடகைக்குக் குடிபோவது என்று இருவரும் முடிவு செய்திருந்தனர். வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு கிடைக்கும் என்பதும், குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் பணத்தை ஐந்தாண்டுகள் முடக்கினால் ஓரளவு விலக்கு கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் அவர் விரும்பவில்லை. பணம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. ஆகவே வரி எவ்வளவு என்பது அவருக்கு எத்தனை மாத மருத்துவச் செலவு என்ற கேள்வியாகவே இருந்தது.

கணக்கைப் பார்த்தவர் அவருடைய பழைய மாணவரான ஓர் இளம் ஆடிட்டர். அவர் அனுப்பிய முதல் வரைவில் வரி 7,00,000 ரூபாய் என்றிருந்தது. வழி எளிது. விற்ற தொகை 1,30,00,000. விற்கும்போது தரகருக்குக் கொடுத்தது 1,00,000. மீதி 1,29,00,000. வாங்கிய விலை 60,00,000.

இங்கே ஒரு கிளை வழி உண்டு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 விழுக்காடு, பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் பழைய வசதி அதில் இல்லை. ஆனால் அந்த நாளுக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும், இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் தனிநபருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பழைய முறைப்படி, விலையைக் குறியீட்டெண்ணால் உயர்த்தி, 20 விழுக்காடு கணக்கிட்டால் வரி குறைவாக வருமானால், அந்தக் குறைந்த வரியைச் செலுத்தினால் போதும். 2014-15ஆம் நிதியாண்டின் குறியீட்டெண் 240. 2025-26க்கு 376. எனவே 60 லட்சம் 94 லட்சமாக உயர்கிறது. ஆதாயம் 35 லட்சம். 20 விழுக்காடு 7 லட்சம். புதிய முறையில் ஆதாயம் 69 லட்சம், 12.5 விழுக்காடு 8,62,500. குறைந்தது 7 லட்சம். கூடுதல் வரியும் செஸ்ஸும் இதன்மேல் வருபவை. இங்கே பேசப்படுவது அடிப்படை வரி மட்டுமே.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் கிரையப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த 60 லட்சத்தை மட்டுமே மாணவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மையாருக்குக் குறிப்பேடு எழுதும் பழக்கம் உண்டு. வீடு வாங்கிய ஆண்டின் குறிப்பேட்டில், வீட்டுக்காகச் செலவான ஒவ்வொரு தொகையும் வரிசையாக இருந்தது. முத்திரைத்தீர்வை 3,36,000. அதன் கீழே 60,000 என்று மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. ஒன்றின் எதிரே 'பதிவு', அடுத்ததன் எதிரே 'தரகு', மூன்றாவதன் எதிரே 'டிடிஎஸ்'. எல்லாவற்றையும் கூட்டி 65,16,000 என்று அவர் அப்போதே எழுதி வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மாணவருக்கு அனுப்பி, "இவ்வளவும் நான் கொடுத்ததுதானே, இதை ஏன் சேர்க்கவில்லை?" என்று கேட்டார். மாணவர் தயங்காமல், "சேர்க்கணும் மேடம். நான் பத்திரத்தை மட்டும் பார்த்துட்டேன். ஆனா எல்லா வரியும் சேராது, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றார்.

முதலில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும். அந்த ஆண்டுகளில் பெங்களூருவில் முத்திரைத்தீர்வை 5 விழுக்காடு. அதன்மீது செஸ்ஸும் கூடுதல் வரியும் சேர்ந்து மொத்தம் 5.6 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. 60 லட்சத்துக்கு முறையே 3,36,000, 60,000. இவை ஏன் அடக்கவிலையில் சேர்கின்றன? அசையாச் சொத்து விற்பனை, அதன் மதிப்பு 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியாகவே நிறைவேறும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம். உரிய முத்திரைத்தீர்வை செலுத்தாத ஆவணத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. ஆக, இவ்விரு தொகையும் வீடு கைக்கு வந்த பிறகு நேர்ந்த செலவுகள் அல்ல. இவற்றைக் கொடுக்காமல் வீடு சட்டப்படி கைக்கு வருவதே இல்லை. வீட்டுவரியும் மாதப் பராமரிப்புத் தொகையும் இப்படிப்பட்டவை அல்ல. அவை வீட்டை வைத்திருப்பதற்கான செலவு, வாங்குவதற்கான செலவு அல்ல. எல்லையை வகுக்க இந்த ஒரு கேள்வி பெரும்பாலும் போதும்: இந்தத் தொகையைக் கொடுக்காமல் வீட்டின் உரிமை வந்திருக்குமா?

தரகுக்கு இந்தக் கேள்வியை அப்படியே பொருத்த முடியாது. தரகர் இல்லாமலும் வீடு வாங்கலாம். ஆனால் இந்த வீடு அந்தத் தரகர் வழியாகவே கிடைத்தது, அதை வாங்குவதற்காகவே அந்தத் தொகை கொடுக்கப்பட்டது என்பதால் அதுவும் வாங்கிய அடக்கத்தைச் சேர்ந்ததே. துணிக்கடைக்காரர் இடைத்தரகரின் கமிஷனைச் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

மூன்றாவது 60,000தான் சிக்கலானது. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்குபவர், விலையில் 1 விழுக்காட்டைப் பிடித்து, விற்பவரின் பெயரில் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது 2013 ஜூன் முதல் உள்ள விதி. அம்மையார் அப்படி 60,000 ரூபாயைச் செலுத்தினார். தன் கையால் வங்கியில் கட்டிய பணம் என்பதால் தனிச் செலவாகவே அவர் நினைவில் பதிந்துவிட்டது. ஆனால் விற்றவருக்கு அன்று அவர் கொடுத்தது 60 லட்சம் அல்ல, 59,40,000. பிடித்த 60,000 விலைக்குள்ளேயே இருக்கிறது. அதை மறுபடி கூட்டினால் ஒரே தொகை இருமுறை எண்ணப்படும். எனவே 65,16,000 என்ற கூட்டுத்தொகை 64,56,000 ஆயிற்று.

இந்த அடக்கத்தை வைத்துக் கணக்கிட்டபோது படம் மாறியது. 64,56,000 ரூபாயை 376ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் 1,01,14,400. ஆதாயம் 27,85,600. வரி 5,57,120. முதல் வரைவைக் காட்டிலும் 1,42,880 ரூபாய் குறைவு. சேர்த்த செலவு 4,56,000 மட்டுமே என்றாலும், குறியீட்டெண் அதை 7,14,400 ஆக உயர்த்தி, அதில் ஐந்தில் ஒரு பங்கை வரியிலிருந்து கழித்துவிடுகிறது. குறியீட்டெண் வசதி இல்லாத 12.5 விழுக்காட்டு முறையில் இதே செலவால் குறைவது 57,000 ரூபாய்தான். வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படும் ஒருவர் இதே வீட்டை இதே விலைக்கு விற்றிருந்தால் அவருக்கு இந்த 57,000 மட்டுமே மிச்சம். பழைய முறையின் பாதுகாப்பு அவருக்கு இல்லை.

கணக்கு இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் படிவத்தில் தரகை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற கேள்வி அடுத்து வந்தது. இரண்டாவது வரைவில் மாணவரின் அலுவலக உதவியாளர், வாங்கியபோது கொடுத்த தரகையும் விற்றபோது கொடுத்த தரகையும் ஒன்றாகக் கூட்டி, 'மாற்றத்துக்கான செலவு' என்ற கட்டத்தில் 1,60,000 என்று நிரப்பியிருந்தார். இரண்டும் தரகுதானே என்பது அவர் எண்ணம்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, விற்ற தொகையிலிருந்து இரண்டு வகைகளைக் கழிக்கச் சொல்கிறது. ஒன்று, 'அத்தகைய மாற்றத்தின்' தொடர்பாக முழுவதும் அதற்கென்றே செய்த செலவு. மற்றொன்று, சொத்தை வாங்கிய அடக்கமும் அதை மேம்படுத்திய அடக்கமும். முதல் வகையில் உள்ள 'அத்தகைய' என்னும் சுட்டு, எந்த மாற்றத்தால் ஆதாயம் பிறந்ததோ அதைச் சுட்டுகிறது. அதாவது 2025இன் விற்பனையை. 2014இல் நடந்ததும் ஓர் உரிமை மாற்றமே என்றாலும் அந்தச் சுட்டு அதுவரை நீள்வதில்லை. ஆகவே விற்றபோது கொடுத்த 1,00,000 முதல் வகை. வாங்கியபோது கொடுத்த தரகு இரண்டாம் வகை. குறியீட்டெண்ணால் உயர்வது இரண்டாம் வகை மட்டும். 60,000 ரூபாயை முதல் வகையில் வைத்தால் அது 60,000 ஆகவே நிற்கும்; இரண்டாம் வகையில் வைத்தால் 94,000 ஆகும். கட்டம் மாறியதால் மட்டும் வரியில் 6,800 ரூபாய் வித்தியாசம். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. 'மாற்றத்துக்கான செலவு' என்ற கட்டத்தில் விற்பனை ஆண்டுக்கு முந்தைய செலவு ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் இடம் மாறி அமர்ந்ததாகவே இருக்கும்.

அடுத்த தடை அம்மையாரின் நினைவிலிருந்தே எழுந்தது. வீடு வாங்கிய அந்த ஆண்டில் கல்லூரிக் கணக்கர், முத்திரைத்தீர்வையையும் 80சி பிரிவின் கீழ்க் காட்டலாம் என்று சொன்னதாகவும், வருங்கால வைப்புநிதிக்குச் செலுத்திய 50,000 போக, மீதி 1,00,000 ரூபாய்க்கு முத்திரைத்தீர்வையைக் காட்டியதாகவும் அவருக்கு நினைவு. பழைய ரிட்டர்னை எடுத்துப் பார்த்தபோது அது உண்மை. 80சி பிரிவு, வீடு வாங்குவதற்கான முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் செலுத்திய ஆண்டிலேயே, மொத்த வரம்பான 1,50,000 ரூபாய்க்குள், வருமானத்திலிருந்து கழிக்க இடம்தருகிறது. அப்படியானால் அந்த 1,00,000 ரூபாயை இப்போது அடக்கவிலையிலும் சேர்க்கலாமா?

2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் 48ஆம் பிரிவில் ஒரு வரம்புரையைச் சேர்த்தது. அதன் வாக்கிய அமைப்பைக் கூடியவரை ஒட்டிச் சொன்னால்: வட்டித் தொகையின்மீது 24(பி) பிரிவின் கீழோ ஆறு-ஏ அத்தியாயத்தின் விதிகளின் கீழோ கோரப்பட்ட கழிவுகள் அடக்கவிலையில் சேரா. 80சி அந்த ஆறு-ஏ அத்தியாயத்தில்தான் இருக்கிறது. கேள்வி இதுதான்: 'வட்டித் தொகையின்மீது' என்ற தொடர் இரண்டு பகுதிகளையும் ஆளுகிறதா, முதல் பகுதியை மட்டும் ஆளுகிறதா? 'பழைய நூல்களும் படங்களும்' என்று ஒருவர் சொன்னால் படங்களும் பழையவையா என்று கேட்க நேர்வதைப் போன்றது இது. சட்ட வாக்கியத்தில் இந்த ஐயம் பண மதிப்புடையதாகிவிடுகிறது.

இரண்டையும் ஆளுகிறது என்று கொண்டால், தடை வட்டிக் கழிவுகளுக்கு மட்டுமே. முத்திரைத்தீர்வை வட்டி அல்ல. ஆகவே அது தடைக்கு வெளியே நிற்கும். ஆறு-ஏ அத்தியாயத்தில் வீட்டுக்கடன் வட்டிக்கென்றே தனிப் பிரிவுகள் இருப்பது இந்த வாசிப்புக்குத் துணை. வரம்புரையைக் கொண்டுவந்தபோது தரப்பட்ட விளக்கமும் கடன் வட்டி இருமுறை கழிக்கப்படுவதைப் பற்றியே பேசியது. முதல் பகுதியை மட்டும் ஆளுகிறது என்று கொண்டால், ஆறு-ஏ அத்தியாயத்தின் கீழ்க் கோரிய எந்தக் கழிவும் அடக்கவிலையில் சேராது. 80சியில் காட்டிய முத்திரைத்தீர்வையும் வெளியேறிவிடும். ஒரே செலவுக்கு இருமுறை சலுகை கூடாது என்ற நோக்கம் இந்த வாசிப்புக்குத் துணை.

மாணவர் இரண்டையும் விளக்கிவிட்டு, முதல் வாசிப்பின்படி சேர்த்தால் வாதாட இடமுண்டு, ஆனால் நோட்டீஸ் வந்தால் வாதாடத்தான் வேண்டியிருக்கும் என்றார். பணயம் எவ்வளவு என்று அம்மையார் கேட்டார். 1,00,000 ரூபாய் குறியீட்டெண்ணால் 1,56,667 ஆகும். அதில் 20 விழுக்காடு 31,333. அம்மையார் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த ஒரு லட்சத்துக்கு அன்னிக்கே ஒரு தடவை சலுகை வாங்கிட்டேன். மறுபடி அதைக் கேட்டு, அவர் டயாலிசிஸ்ல இருக்கிற நேரத்துல நோட்டீஸுக்குப் பதில் எழுதிட்டு இருக்க முடியாதுப்பா" என்றார். எந்த வாசிப்பு சரி என்பதற்கான தீர்ப்பாக அவர் இதைச் சொல்லவில்லை. ஐயமுள்ள இடத்தில் யார் எவ்வளவு தாங்க முடியும் என்பதும் கணக்கின் ஒரு பகுதிதான். வழக்கை நடத்தும் வசதியும் பொறுமையும் உள்ள வேறொருவர் இதே இடத்தில் வேறு முடிவுக்கு வந்திருக்கலாம்.

கடைசியாக எஞ்சியது சான்று. வருமான வரி ரிட்டர்னுடன் எந்தத் தாளையும் இணைப்பதில்லை. கேள்வி வந்தால்தான் தாள் தேவைப்படும். முத்திரைத்தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் கவலையில்லை. எவ்வளவு செலுத்தப்பட்டது என்பது பதிவான பத்திரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்தின் குறிப்பாக இருக்கும். பத்திரம் தொலைந்திருந்தாலும் அந்த அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகல் பெறலாம். தரகுக்கு அப்படிப்பட்ட மூன்றாவது கண் இல்லை. அம்மையார் கொடுத்த 60,000 ரூபாயில் 45,000 காசோலை. வங்கிக் கணக்கில் தரகரின் பெயரோடு அந்த வரி இருந்தது. மீதி 15,000 ரொக்கம். ரசீது இல்லை.

தரகர் அதே பகுதியில்தான் இருந்தார். போய்க் கேட்டபோது அன்போடு வரவேற்று, "அதுக்கென்னம்மா, பழைய தேதி போட்டு அறுபதாயிரத்துக்கு ஒரு ரசீது இப்பவே எழுதித் தர்றேன்" என்றார். பழைய தேதி வேண்டாம், இன்றைய தேதியிலேயே, 2014இல் இன்ன வீட்டுக்காக இவ்வளவு பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் பான் எண்ணோடு ஒரு கடிதம் கொடுங்கள், அது போதும் என்று அம்மையார் கேட்டார். அங்கே தரகரின் உற்சாகம் குறைந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரொக்கத்தைத் தன் கையெழுத்தாலும் பான் எண்ணாலும் ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. 45,000க்கு மட்டும் உண்மையான தேதியோடு கடிதம் எழுதித் தந்தார்.

பழைய தேதியிட்ட ரசீதுக்கும் இன்றைய தேதியிட்ட கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானதல்ல. இரண்டும் ஒரே உண்மையைச் சொல்லக்கூடும். ஆனால் முதலாவது, தான் எப்போது எழுதப்பட்டது என்பதைப் பற்றிப் பொய் சொல்கிறது. சட்டமும் இதைக் கடுமையாகப் பார்க்கிறது. எந்தச் சான்றும் இல்லாமல் செலவைக் கோருவது வருமானத்தைத் தவறாகக் காட்டிய வகையில் சேரும். அதற்கான தண்டத்தொகை, குறைந்த வரியைப் போல இரு மடங்கு. பொய்ப் பதிவும் அதே வகைதான். 15,000 ரூபாயைச் சேர்த்தால் மிச்சமாகும் வரி 4,700. பிடிபட்டால் அந்த 4,700ஐயும் வட்டியையும் கட்டிய பிறகு, தண்டம் மட்டும் 9,400. அம்மையார் அந்த 15,000 ரூபாயை விட்டுவிட்டார். கொடுத்தது உண்மை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காட்ட முடியாத உண்மைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

முடிவான கணக்கு இப்படி அமைந்தது. விலை 60,00,000, முத்திரைத்தீர்வை 3,36,000, பதிவுக் கட்டணம் 60,000, சான்றுள்ள தரகு 45,000. கூட்டினால் 64,41,000. 80சியில் முன்பே காட்டிய 1,00,000 போக 63,41,000. குறியீட்டெண்ணால் உயர்த்தினால் 99,34,233. விற்றதில் தரகு போக மீந்த 1,29,00,000லிருந்து இதைக் கழித்தால் 29,65,767. வரி 5,93,153. புதிய முறையில் அது 8,19,875 ஆகியிருக்கும். எனவே பழைய முறைப்படியான தொகையே செலுத்த வேண்டியது. முதல் வரைவில் இருந்த 7,00,000 ரூபாயோடு ஒப்பிட்டால் 1,06,847 ரூபாய் குறைந்தது. வீட்டை வாங்கியவர் இப்போது 1 விழுக்காடாகப் பிடித்துச் செலுத்தியிருந்த 1,30,000 ரூபாய், செலுத்த வேண்டிய வரியில் வரவாக வைக்கப்பட்டது. அது வரியின் முன்பணம். ஆதாயக் கணக்கில் கழிக்க வேண்டிய செலவு அல்ல. 2014இல் வாங்கியவராக நின்று பிடித்த அதே தொகையை, 2025இல் விற்றவராக நின்று பார்த்தபோது, மூன்றாவது 60,000 ஏன் அடக்கவிலையில் சேரவில்லை என்பது தமக்கு முழுதும் விளங்கியது என்று அம்மையார் பின்னர் தங்கையிடம் சொன்னாராம்.

இப்போது வீடு வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கின் சில பகுதிகள் மாறியிருக்கும். 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பின்னரோ வாங்கிய வீட்டுக்குக் குறியீட்டெண் வசதி இல்லை. சேர்க்கும் ஒவ்வொரு ரூபாய்ச் செலவுக்கும் வரியில் குறைவது பன்னிரண்டரை பைசா. கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாக உயர்ந்திருப்பதால், அங்கே 60 லட்சத்துக்கு அதுவே 1,20,000 ஆகிறது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு 80சி இல்லை; அவர் செலுத்தும் முத்திரைத்தீர்வை, மேலே சொன்ன வாக்கியத்தை எப்படி வாசித்தாலும், முழுவதுமாக அடக்கவிலையில் சேரும். பழைய முறையில் இருப்பவர், வரம்பை நிரப்ப வருங்கால வைப்புநிதியும் காப்பீடும் போதுமானதாக இருந்தால், முத்திரைத்தீர்வையை 80சிக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடுவதே பின்னாளில் ஐயமற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் விற்றதற்கான செலவு ஒரு வகை, வாங்கிய அடக்கம் மற்றொரு வகை என்ற அடிப்படை மாறவில்லை.

மாறாத இன்னொன்று தரகு. முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அரசே நினைவில் வைத்திருக்கும். தரகை வாங்கியவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். வங்கிவழி கொடுத்து, வீட்டின் எண்ணும் தேதியும் பான் எண்ணும் உள்ள ரசீதைப் பெற்று, கிரையப் பத்திரம் இருக்கும் அதே உறையில் அன்றே வைத்துவிட்டால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தரகரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிராது.